மண்ணீரல் வீங்கும்போதும், அது இல்லாதபோதும்

வயிற்றின் இடப்பக்கம் மேலே, 9 முதல் 11 வரையிலான விலா எலும்புகளுக்குப் பின்னால், உதரவிதானத்தை ஒட்டி மறைந்திருக்கிறது மண்ணீரல். வளர்ந்த ஒருவருக்கு அதன் எடை சுமார் 150 கிராம். இயல்பான அளவில் இருக்கும்வரை அது விலாவைத் தாண்டிக் கீழே வராது. மருத்துவர் வயிற்றை அழுத்திப் பார்க்கும்போது கைக்குத் தட்டுப்பட்டால், அநேகமாக அது வீங்கியிருக்கிறது என்றே பொருள். இத்தனை சிறிய உறுப்புக்கு, இதயம் வெளித்தள்ளும் ரத்தத்தில் ஏறக்குறைய 5 சதவீதம் போய்ச் சேர்கிறது. அந்த ரத்தத்தை அது என்ன செய்கிறது என்பது புரிந்துவிட்டால், மண்ணீரல் வீங்கினால் ரத்த அணுக்கள் ஏன் குறைகின்றன, அதை எடுத்துவிட்டால் கிருமித்தொற்று ஏன் ஆபத்தாகிறது என்ற இரண்டு கேள்விகளுக்கும் விடை கிடைத்துவிடும்.

உடலின் மற்ற இடங்களில் ரத்தம் குழாயை விட்டு வெளியே வருவதில்லை. மண்ணீரலில் மட்டும் அதன் ஒரு பகுதி, வாய்க்காலிலிருந்து வயலுக்குள் பாயும் தண்ணீரைப் போல, குழாயை விட்டு இறங்கி மென்மையான சதைப்பகுதிக்குள் பரவி மெதுவாக ஊர்கிறது. அங்கிருந்து மறுபடி சிரைக்குள் போக வேண்டுமானால், 1 முதல் 2 மைக்ரான் அகலமே உள்ள இடுக்குகள் வழியாக நுழைய வேண்டும். ஒரு சிவப்பணுவின் விட்டமோ 7 முதல் 8 மைக்ரான். இளமையான சிவப்பணு உடலை வளைத்து நெளித்து இடுக்கைக் கடந்துவிடும். 120 நாள் ஓடிக் களைத்து, விறைத்துப்போன அணுவால் அது முடியாது. அங்கேயே சிக்கிக்கொள்ளும் அதை மேக்ரோபேஜ் எனப்படும் விழுங்கணுக்கள் தின்று செரித்து, அதிலுள்ள இரும்பை உடலுக்குத் திருப்பித் தருகின்றன. அணுவுக்குள் தேவையற்ற துணுக்கு ஏதாவது இருந்தால், அணுவை அழிக்காமல் அந்தத் துணுக்கை மட்டும் உருவி எடுத்துவிடும் வேலையும் இங்கேதான் நடக்கிறது. ரத்தத்தில் கிருமி கலந்திருந்தால், அதுவும் இந்த மெதுவான பாதையில் விழுங்கணுக்களின் கண்ணில் படாமல் தப்ப முடியாது.

இந்த உறுப்பு வீங்கும்போது, வடிகட்டும் வேலை அளவுக்கு மீறிப் போகிறது. கல்லீரல் சிர்ரோசிஸ், குடலிலிருந்து கல்லீரலுக்கு ரத்தம் கொண்டுபோகும் போர்ட்டல் சிரையில் அடைப்பு, தலசீமியா, பரம்பரையாக வரும் உருண்டைச் சிவப்பணு நோய், அடிக்கடி வரும் மலேரியா, காலா அசார், காஷே நோய் என வீக்கத்துக்குக் காரணங்கள் பல. எந்தக் காரணத்தால் வீங்கினாலும் விளைவு ஒரே மாதிரிதான். ரத்த அணுக்களில் ஒரு வகையோ மூன்று வகையுமோ குறையும். அவற்றைத் தயாரிக்கும் எலும்பு மஜ்ஜை மட்டும் சுறுசுறுப்பாக இயங்கிக்கொண்டிருக்கும். மருத்துவத்தில் இதற்கு ஹைப்பர்ஸ்பிளெனிசம் என்று பெயர்.

அணுக்கள் குறைவது மூன்று வழிகளில் நடக்கிறது. முதலாவது, தேக்கம். நலமாக உள்ளவருக்குக்கூட உடலிலுள்ள பிளேட்லெட்டுகளில் மூன்றில் ஒரு பங்கு எப்போதும் மண்ணீரலில்தான் இருக்கும். மண்ணீரல் மிகப் பெரிதாக வீங்கிவிட்டால் 90 சதவீதம் வரை அங்கே போய்த் தங்கிவிடலாம். கைச் சிரையில் எடுக்கும் ரத்தத்தில் எண்ணிக்கை குறைவாகத் தெரியும். பிளேட்லெட்டுகள் அழிந்துபோனதாக அதற்கு அர்த்தமில்லை. இரண்டாவது, அழிவு. பாதை நீண்டு, ரத்தம் இன்னும் மெதுவாக நகர்வதால், ஓரளவு நல்ல சிவப்பணுக்களும் சர்க்கரையும் ஆக்சிஜனும் போதாமல் விறைத்து, காலத்துக்கு முன்பே விழுங்கப்படுகின்றன. மூன்றாவது, நீர்த்தல். பெரிய மண்ணீரல் உள்ளவருக்கு ரத்தத்தின் நீர்ப்பகுதியான பிளாஸ்மா கூடிவிடுகிறது. அதனால் உள்ள சிவப்பணுக்களே நீரில் கலைந்து, ஹீமோகுளோபின் உண்மை நிலையைவிடக் குறைவாகக் காட்டும்.

பிளேட்லெட் விஷயத்தை இங்கே கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. பிளேட்லெட் குறைவு என்றாலே டெங்கு நினைவுக்கு வந்து பதறுவது நம் ஊர்களில் வழக்கமாகிவிட்டது. டெங்குவில் எண்ணிக்கை சில நாட்களில் சரிந்து, அதே வேகத்தில் ஏறிவிடும். ஹைப்பர்ஸ்பிளெனிசத்தில் அது மாதக்கணக்கில், வருடக்கணக்கில் 60,000 முதல் 90,000 வரை அசையாமல் நிற்கும். காய்ச்சல் இருக்காது. பெரும்பாலும் ரத்தக்கசிவும் இருக்காது. மண்ணீரலில் தேங்கியிருப்பவை ரத்த ஓட்டத்தோடு தொடர்பு அறுந்தவை அல்ல என்பது அதற்கு ஒரு காரணம். இவர்களுக்கு பிளேட்லெட் ஏற்றினாலும் பயன் குறைவு, ஏற்றியதில் பெரும்பகுதி நேராக மண்ணீரலுக்கே போய்விடும். சிர்ரோசிஸ் நோயாளி ரத்த வாந்தி எடுத்தால், பொதுவாக அதற்குக் காரணம் உணவுக்குழாயின் அடியில் புடைத்திருக்கும் சிரைகள் வெடித்ததுதான். பிளேட்லெட் எண்ணிக்கையை மட்டும் பார்த்துக்கொண்டு எண்டோஸ்கோப்பியைத் தள்ளிப்போடுவது உயிருக்கே ஆபத்து. அதேபோல, சிர்ரோசிஸில் எண்ணிக்கை குறைகிறது என்பதற்காக மட்டும் மண்ணீரலை எடுப்பதும் சரியல்ல. அறுவை சிகிச்சைக்குப் பின் போர்ட்டல் சிரையில் ரத்தம் உறைந்துபோனால், பின்னாளில் கல்லீரல் மாற்றுச் சிகிச்சைக்கே அது முட்டுக்கட்டையாகலாம்.

மண்ணீரலை எடுக்கலாமா என்ற கேள்வி உண்மையிலேயே எழும் இடங்களில் முக்கியமானது தலசீமியா. தலசீமியா மேஜர் உள்ள, 24 கிலோ எடையுள்ள ஒரு சிறுவனின் நிலையை எடுத்துக்கொண்டால் கணக்கு தெளிவாகப் புரியும். அவனுக்கு நான்கு வாரத்துக்கு ஒருமுறை 360 மி.லி. சிவப்பணுச் செறிவு ஏற்றப்படுகிறது. வருடத்துக்கு 13 முறை. மொத்தம் 4,680 மி.லி., அதாவது ஒரு கிலோ உடல் எடைக்கு 195 மி.லி. அடுத்த முறை ரத்தம் ஏற்ற வரும்போது ஹீமோகுளோபின் 9.5 கிராமுக்குக் குறையாமல் இருந்துவந்தது. பிறகு, அதே அளவு ஏற்றியும் மூன்று வாரத்திலேயே 8-க்குக் கீழே போய்விடுகிறது. பையன் களைத்துப்போகிறான், கொஞ்சம் சாப்பிட்டதுமே வயிறு நிறைந்துவிடுகிறது. விலாவுக்குக் கீழே மண்ணீரல் தொப்புளை நோக்கி இறங்கியிருக்கிறது. இயல்பாக 4,000-க்கு மேல் இருக்க வேண்டிய வெள்ளையணு 3,200. குறைந்தது ஒன்றரை லட்சம் இருக்க வேண்டிய பிளேட்லெட் 90,000. இப்போது மூன்று வாரத்துக்கு ஒருமுறை என்றால் வருடத்துக்கு 17 முறை, 6,120 மி.லி., கிலோவுக்கு 255 மி.லி.

தலசீமியா சிகிச்சையில் கிலோவுக்கு வருடம் 200 முதல் 220 மி.லி. என்பது ஓர் எச்சரிக்கைக் கோடு. அதைத் தாண்டினால் மண்ணீரல் ஏற்றும் ரத்தத்தையும் தின்கிறதோ என்று சந்தேகிக்க வேண்டும். கூடுதலாக ஏற்றும் 1,440 மி.லி. சிவப்பணுச் செறிவோடு ஏறத்தாழ 900 மில்லிகிராம் இரும்பும் உடலுக்குள் போகிறது. தேவைக்கு மேலான இரும்பை வெளியேற்ற உடலுக்கு வழி கிடையாது. அது இதயத்திலும் கல்லீரலிலும் படியும். பயப்பட வேண்டியது இந்தப் படிவுக்குத்தான்.

ஆனால் கோட்டைத் தாண்டியதும் கத்தியை எடுத்துவிடக் கூடாது. முதலில், ஏற்றிய ரத்தத்துக்கு எதிராகச் சிறுவனின் உடலில் எதிர்ப்பொருள் உருவாகியிருக்கிறதா என்று கூம்ஸ் சோதனையும் எதிர்ப்பொருள் தேடும் சோதனையும் செய்தாக வேண்டும். அப்படி உருவாகியிருந்தாலும் ரத்தம் இதே போலச் சீக்கிரம் குறையும். அப்போது பொருந்தும் ரத்தத்தைத் தேடிக் கொடுப்பதே தீர்வு. அடுத்து, இதுவரை போதிய ரத்தம் ஏற்றப்பட்டதா என்று பார்க்க வேண்டும். குறைவாக ஏற்றிவந்தால், பற்றாக்குறையை ஈடுகட்ட மண்ணீரலே ரத்தம் தயாரிக்க முயன்று வீங்கும். ஒழுங்காக ஏற்றி, ஹீமோகுளோபினைத் தொடர்ந்து 9.5-க்கு மேலே நிறுத்தினால் சில மாதங்களில் வீக்கம் வடிவதும் உண்டு. இரும்பை வெளியேற்றும் மருந்துகளால் படிவு கட்டுக்குள் இருக்கிறதென்றால், ரத்தத் தேவை கூடியது மட்டுமே அறுவைக்குப் போதுமான காரணம் ஆகாது. இந்த எல்லாப் படிகளையும் கடந்த பிறகும் மூன்று வகை அணுக்களும் குறைந்துகொண்டே போனால்தான் அறுவை. 5 வயதுக்கு முன்னால் அதைக் கூடுமானவரை தவிர்ப்பார்கள்.

அறுவை பெரும்பாலும் லேப்ராஸ்கோப்பி முறையில் நடக்கிறது. வயிற்றுக்குள் துணை மண்ணீரல் எனப்படும் சிறு உருண்டைகள் உள்ளனவா என்று அறுவை மருத்துவர் தேடிப் பார்ப்பார். பத்தில் ஒருவருக்காவது அப்படி இருக்கும். நோயின் காரணமாக எடுக்கும்போது அதை விட்டுவைத்தால், அது வளர்ந்து பழைய தொல்லையைத் திரும்பக் கொண்டுவரும். பித்தப்பையில் கல் இருந்தால் அதையும் சேர்த்தே எடுத்துவிடுவார்கள்.

எடுத்த சில நாட்களிலேயே ரத்தப் பரிசோதனை அறிக்கை தலைகீழாக மாறிவிடும். தங்க இடமில்லாமல் பிளேட்லெட்டுகள் எல்லாம் ரத்த ஓட்டத்துக்கு வந்துவிட, ஒன்று இரண்டு வாரங்களில் எண்ணிக்கை பல லட்சத்தைத் தொடும். 10 லட்சத்தைத் தாண்டுவதும் உண்டு. வெள்ளையணுவும் கூடும். நுண்ணோக்கியில் சிவப்பணுக்களுக்குள் கருநீலப் புள்ளிகள் தென்படும். ஹோவெல்-ஜாலி துணுக்குகள் எனப்படும் இவை அணுக்கருவின் மிச்சங்கள். மண்ணீரல் இருந்தபோது உருவி எடுக்கப்பட்டவை. மண்ணீரல் வேலை செய்கிறதா இல்லையா என்பதற்கு இந்தப் புள்ளிகள் நல்ல சாட்சி. அறுவைக்குப் பின் சில ஆண்டுகள் கழித்து அவை மறைந்துபோனால், எங்கோ ஒரு மண்ணீரல் துண்டு மறுபடி வளர்ந்திருக்கிறது என்று ஊகிக்கலாம். சிறுவனின் ரத்தத் தேவையும் பழைய அளவுக்கு இறங்கிவிடும். ஆனால் தலசீமியா போய்விடவில்லை. ரத்தம் ஏற்றுவதும் இரும்பை வெளியேற்றுவதும் தொடர்ந்துகொண்டுதான் இருக்கும்.

இனித்தான் இந்த அறுவையின் விலை தெரியவரும். மண்ணீரல் இல்லாமல் உயிர்வாழ முடியும் என்பதால், அது அவ்வளவு முக்கியமில்லாத உறுப்பு என்றே நெடுங்காலம் கருதப்பட்டது. மண்ணீரல் நீக்கப்பட்ட எலிகள் தொற்றுக்கு எளிதில் பலியாகின்றன என்று 1919-லேயே மோரிஸ், புல்லக் என்ற இரு ஆய்வாளர்கள் எழுதியிருந்தும் பெரிதாக யாரும் கண்டுகொள்ளவில்லை. 1952-இல் அமெரிக்காவின் இண்டியானாவைச் சேர்ந்த கிங், ஷூமாக்கர் என்ற அறுவை மருத்துவர்கள் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். உருண்டைச் சிவப்பணு நோய்க்காகக் கைக்குழந்தைப் பருவத்திலேயே மண்ணீரல் எடுக்கப்பட்டவர்களுக்கு, பின்னர் மூளைக்காய்ச்சலும் ரத்தத்தில் கடுமையான கிருமித்தொற்றும் வந்ததை அதில் பதிவுசெய்தார்கள். அதற்குப் பிறகே இந்த அபாயம் மருத்துவ உலகத்துக்கு உறைத்தது.

எல்லாக் கிருமிகளும் இவர்களுக்கு ஒரே அளவில் ஆபத்தானவை அல்ல. மேலே மாவுச்சத்தாலான வழுவழுப்பான உறையைப் போர்த்திய பாக்டீரியாக்களே முக்கியமான எதிரிகள். முதலிடத்தில் நிமோகாக்கஸ், இவ்வகைத் தொற்றுகளில் பாதிக்கு மேல் அதன் வேலைதான். அடுத்து மெனிங்கோகாக்கஸும் ஹீமோஃபிலஸ் இன்ஃபுளுயன்சா பி வகையும். அந்த உறை இருப்பதால் விழுங்கணுக்களுக்கு அவற்றைப் பிடிக்கப் பிடி கிடைப்பதில்லை. எதிர்ப்பொருள்களும் காம்ப்ளிமென்ட் எனப்படும் புரதங்களும் கிருமியின் மேல் ஒட்டிக்கொண்டால்தான் பிடி கிடைக்கும். முன்பின் கண்டிராத இத்தகைய கிருமிக்கு எதிராக உடனடியாக ஐஜிஎம் வகை எதிர்ப்பொருளை உருவாக்கும் பி செல்கள் மண்ணீரலின் விளிம்பு மண்டலத்தில் இருக்கின்றன. மற்ற செல்களின் உதவிக்குக் காத்திராமல் அவை வேலையைத் தொடங்கிவிடும். எதிர்ப்பொருள் நன்றாக ஒட்டிய கிருமியைக் கல்லீரலும் பிடித்துவிடும். அரைகுறையாக ஒட்டிய கிருமியைப் பிடிக்க, ரத்தம் மெதுவாக ஊரும் மண்ணீரலால்தான் முடியும். மண்ணீரல் போனால், எதிர்ப்பொருளை வேகமாகத் தயாரிக்கும் இடமும் போகிறது, கிருமியை நிதானமாகப் பிடிக்கும் வடிகட்டியும் போகிறது. இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைக்கு இந்த விளிம்பு மண்டலமே இன்னும் முதிர்ந்திருக்காது என்பதால், சிறு வயதில் எடுப்பது கூடுதல் ஆபத்து.

தொற்று வந்தால் அது எவ்வளவு வேகமாகப் போகும் என்பதைக் குடும்பத்தார் அறிந்திருக்க வேண்டும். தொடக்கம் சாதாரணமாகவே இருக்கும்: காய்ச்சல், நடுக்கம், உடம்புவலி, தலைவலி, சில சமயம் வாந்தியும் வயிற்றுப்போக்கும். சளிக்காய்ச்சல் அல்லது வயிற்றுக்கோளாறு என்றுதான் யாருக்கும் தோன்றும். சில மணி நேரத்தில் ரத்த அழுத்தம் விழும், கை கால் சில்லிடும், தோலில் கருஞ்சிவப்புத் திட்டுகள் எழும், விரல் நுனிகள் கறுக்கும். ரத்தத்தில் கிருமிகள் அவ்வளவு பெருகிவிடுவதால், சாதாரண ரத்தப் பூச்சை நுண்ணோக்கியில் பார்த்தாலே சில நேரம் அவை தெரிந்துவிடும். மற்ற நோயாளிகளிடம் இது மிக அரிது. 24 முதல் 48 மணி நேரத்துக்குள் உயிர் போகலாம். சிகிச்சை பெற்றவர்களிலும் ஏறத்தாழப் பாதிப் பேர் இறந்திருக்கிறார்கள். இப்படிப்பட்ட தொற்று எல்லோருக்கும் வருவதில்லை, சிலருக்கே வரும். முதல் இரண்டு மூன்று ஆண்டுகளில் வாய்ப்பு அதிகம், ஆனால் வாழ்நாள் முழுவதும் அது ஒழிவதில்லை. விபத்தில் மண்ணீரலை இழந்தவரைவிடத் தலசீமியாவுக்காக எடுத்துக்கொண்டவருக்கு ஆபத்து கூடுதல்.

தடுப்பின் முதல் படி தடுப்பூசி. திட்டமிட்ட அறுவை என்றால் குறைந்தது இரண்டு வாரம் முன்பே போட்டு முடித்துவிட வேண்டும். விபத்தில் அவசரமாக எடுத்திருந்தால், அறுவை முடிந்து இரண்டு வாரம் கழித்துப் போடுவது வழக்கம். நிமோகாக்கஸுக்கு இரண்டு வகை ஊசிகள் உண்டு. முதலில் போடுவதில் கிருமியின் உறைப்பொருள் ஒரு புரதத்தோடு இணைக்கப்பட்டிருக்கும். அந்த இணைப்பினால் மண்ணீரலின் துணை இல்லாமலேயே உடலால் நீடித்த எதிர்ப்பொருளைத் தயாரிக்க முடிகிறது. கிருமி வரும்போது எதிர்ப்பொருள் ஏற்கெனவே தயாராக இருப்பதால் கல்லீரலே அதைப் பிடித்துவிடும். எட்டு வாரம் கழித்து 23 உள்வகைகளை எதிர்க்கும் இரண்டாவது ஊசி, ஐந்து ஆண்டுக்குப் பின் அது மீண்டும் ஒருமுறை. மெனிங்கோகாக்கஸ் ஊசி எட்டு வார இடைவெளியில் இரண்டு தவணையும் ஐந்து ஆண்டுக்கு ஒருமுறை ஊக்கத் தவணையும். ஹீமோஃபிலஸ் ஊசியைச் சிறு வயதில் அரசுத் திட்டத்திலேயே போட்டிருக்கலாம். அட்டையைப் பார்த்து உறுதிசெய்துகொள்ள வேண்டும். இன்ஃபுளுயன்சா ஊசி ஆண்டுதோறும். எந்த ஊசியும் எல்லா உள்வகைகளையும் தடுத்துவிடாது என்பதால் இத்துடன் காரியம் முடிந்துவிடுவதில்லை.

இரண்டாவது படி பென்சிலின். குழந்தைகளுக்குத் தினமும் இரு வேளை மாத்திரை கொடுக்கப்படும். 5 வயது வரையாவது, பெரியவர்களுக்கு அறுவைக்குப் பின் ஓரிரு ஆண்டுகளாவது இது தொடரும். தலசீமியா போன்ற நோய் உள்ளவர்களுக்கு மருத்துவர்கள் இன்னும் நீட்டிப்பார்கள். நன்றாக இருக்கும் பிள்ளைக்கு தினமும் மாத்திரை எதற்கு என்று சில மாதங்களில் வீட்டில் சலிப்பு வந்துவிடுகிறது. மாத்திரை நின்றுபோவது பெரும்பாலும் அப்போதுதான்.

மூன்றாவதுதான் உயிர்காக்கும் படி. மண்ணீரல் இல்லாதவருக்கு 100.4 டிகிரி காய்ச்சல் வந்தால், இரவு இரண்டு மணியானாலும் அது அவசரம். அமாக்ஸிசிலின்-கிளாவுலனேட் போன்ற மாத்திரையை மருத்துவர் முன்கூட்டியே கொடுத்திருந்தால் முதல் தவணையை உடனே விழுங்கிவிட்டு ஆஸ்பத்திரிக்குக் கிளம்ப வேண்டும். பாராசிட்டமாலைக் கொடுத்துவிட்டுக் காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று படுத்துவிடுவதைப் போன்ற ஆபத்தான முடிவு வேறில்லை. அந்த மாத்திரை காய்ச்சலைத் தணிக்கும், ரத்தத்தில் கிருமி பெருகுவதைத் தடுக்காது. ஆஸ்பத்திரியில் சொல்ல வேண்டிய முதல் சொல், மண்ணீரல் எடுத்திருக்கிறது என்பதுதான். அதைக் கேட்டவுடன், ரத்தத்தைக் கிருமி வளர்ப்புச் சோதனைக்கு எடுத்துக்கொண்டு, முடிவுக்குக் காத்திராமல் செஃப்ட்ரியாக்சோன் போன்ற மருந்தைச் சிரையில் ஏற்றிவிட வேண்டும். பேச முடியாத நிலையில் கொண்டுவரப்பட்டால் என்ன செய்வது என்பதற்காகத்தான் பர்ஸில் ஓர் அட்டையோ கையில் ஒரு வளையமோ அணியச் சொல்கிறார்கள். தலசீமியா நோயாளியானால், காய்ச்சல் நாட்களில் இரும்பை வெளியேற்றும் மருந்தை நிறுத்த வேண்டுமா என்றும் அப்போதே கேட்டுக்கொள்ள வேண்டும்.

நாய்க்கடியும் இவர்களுக்குத் தனி ஆபத்து. வெறிநாய்த் தடுப்பூசியோடு எல்லாம் முடிந்தது என்று இருந்துவிடக் கூடாது. நாயின் வாயில் சாதாரணமாக வாழும் கேப்னோசைட்டோஃபாகா என்ற பாக்டீரியா, மண்ணீரல் இல்லாதவரின் ரத்தத்தில் புகுந்தால் மேலே சொன்ன அதே வேகத்தில் கொல்லக்கூடியது. கடி சிறிதானாலும் ஆன்டிபயாடிக் தேவை. மலேரியாவும் இவர்களிடம் கடுமையாக வரும் என்பதால், ஒடிசா, சத்தீஸ்கர் போன்ற மலேரியா உள்ள வனப்பகுதிகளுக்குப் போகும்போது தடுப்பு மாத்திரையும் கொசுவலையும் கட்டாயம்.

தொற்றைத் தவிர ரத்தம் உறைதலும் ஒரு கவலை. அறுவை முடிந்த முதல் சில வாரங்களில் வயிற்றுவலியும் காய்ச்சலும் வந்தால், போர்ட்டல் சிரை அடைத்திருக்கிறதா என்று ஸ்கேன் செய்து பார்ப்பார்கள். பிளேட்லெட் மிகவும் உயர்ந்திருந்தால் குறைந்த அளவு ஆஸ்பிரின் கொடுப்பதும் உண்டு. தலசீமியாவில் உறைதல் அபாயமும் நுரையீரல் ரத்த அழுத்தம் கூடும் அபாயமும் பல ஆண்டுகள் கழித்தும் தலைகாட்டுவதால், அவ்வப்போது எக்கோ பரிசோதனை தேவைப்படும்.

இந்த விலையை உணர்ந்த பிறகு, மண்ணீரலை முழுவதுமாக எடுக்காமல் தப்பிக்க வழி தேடுவது மருத்துவத்தில் வழக்கமாகிவிட்டது. உருண்டைச் சிவப்பணு நோயுள்ள குழந்தைகளுக்கு ஒரு பகுதியை மட்டும் எடுத்துவிட்டு மிச்சத்தை வேலை செய்ய விட்டுவைக்கிறார்கள். போர்ட்டல் சிரை அடைப்புள்ள குழந்தைகளுக்கு, ரத்தத்தை வேறு சிரைக்குத் திருப்பிவிடும் அறுவை செய்தால் அழுத்தம் இறங்கி மண்ணீரலும் சுருங்கக்கூடும். சாலை விபத்தில் மண்ணீரல் கிழிந்தால் ஒருகாலத்தில் உடனே எடுத்துவிடுவார்கள். இன்று ரத்த அழுத்தம் நிலையாக இருக்கும் நோயாளியைப் படுக்க வைத்துக் கண்காணித்தோ, ரத்தம் கசியும் தமனியை மட்டும் அடைத்தோ பெரும்பாலும் காப்பாற்றிவிடுகிறார்கள். முன்னொரு காலத்தில் விபத்தில் மண்ணீரலை இழந்து, எந்தத் தடுப்பூசியும் போடாமல், அது ஆபத்து என்று யாரும் சொல்லாமல் நடமாடுகிறவர்களும் இருக்கிறார்கள். வயிற்றில் பழைய அறுவைத் தழும்பு இருந்து, என்ன எடுத்தார்கள் என்று தெரியாவிட்டால், ஒரு ஸ்கேனும் ஒரு ரத்தப் பூச்சுப் பரிசோதனையும் விடையைச் சொல்லிவிடும். எத்தனை ஆண்டு கடந்திருந்தாலும் அவர்களுக்கு இன்றைக்கும் அந்த ஊசிகளைப் போடலாம்.